கல்லடிக் கிணறும் கோவாச் சாறும்

கல்லடியிலிருந்து மாணவி ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளார். விடுமுறைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள மாமி வீட்டிற்குச் சென்றவர், அங்கே சந்தையில் ஊதா நிறக் கோவா ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினாராம். அதில் ஒரு பாதியை வெட்டி, குழாய் நீரில் அவித்து வடித்தபோது அழகிய ஊதா நிறச் சாறு கிடைத்தது. மறுபாதியைப் பையிலிட்டு மட்டக்களப்பு ரயிலில் ஊருக்குக் கொண்டுவந்தார். தம்பி தங்கையர்க்குக் காட்டும் பொருட்டு, வீட்டுக் கிணற்று நீரில் ஒரு கைப்பிடி கோவாவைப் போட்டு அவித்தார். சாறு ஊதாவாக வரவில்லை, நீலமாக வந்தது.

இதைக் கண்ட அயல்வீட்டார் ஒருவர், "கிணற்றில் மறுபடியும் கடலுப்பு ஏறிவிட்டது, அதுதான் நிறம் மாறுகிறது" என்றாராம். அன்று முதல் வீட்டில் அம்மம்மா கிணற்று நீரைக் குடிக்க மறுக்கின்றார். "ஒரே கோவா இரண்டு ஊர்களில் இரண்டு நிறம் காட்டுவது ஏன்? எங்கள் கிணறு கெட்டுவிட்டதா?" என்பதே அம்மாணவியின் வினா.

வினா நல்ல வினா. கோவாவின் ஒரு பாதி அங்கும் மறுபாதி இங்குமாக இருந்தமையால், கோவா வேறு என்னும் ஐயத்துக்கு இடமில்லை. மாறியது நீர் ஒன்றே. ஆகவே நீரில் என்ன இருந்தது என்று தேடுவதே முறை. அதற்கு முன், அந்த ஊதாச் சாறு எந்த மொழியில் பேசுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாற்றை முறையாக எடுக்கும் வகை இது. கோவாவில் ஏறக்குறைய 100 கிராம், அஃதாவது நடுத்தரக் கோவாவின் எட்டில் ஒரு பங்கு, மெல்லியதாக அரிந்து கண்ணாடிப் பாத்திரத்திலோ பீங்கான் கோப்பையிலோ இடுக. அலுமினியச் சட்டியும் இரும்புச் சட்டியும் வேண்டா. அவ்வுலோகங்கள் சிறிதளவு கரைந்து சாயத்துடன் கூடி, தாமாகவே நீலச் சாயலை உண்டாக்கிவிடும். இரண்டு கோப்பை கொதிநீரை அதன்மேல் ஊற்றிக் கால்மணி நேரம் மூடிவைத்து வடித்துவிடுக. அந்த நீர் மழைநீராகவோ, கடையில் விற்கும் வடித்த நீராகவோ இருத்தல் நலம். காரணம் பின்னர் விளங்கும்.

இனிச் சில கண்ணாடிக் குவளைகளை வெள்ளைத் தாளின்மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சாறு சிறிது ஊற்றுங்கள். முதற் குவளையில் தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டால் நல்ல சிவப்பு. அடுத்ததில் வினாகிரி விட்டால் ரோசா நிறம். தயிரின் மேல் தேங்கிநிற்கும் தெளிந்த நீரை விட்டால் சிவந்த ஊதா. ஒன்றும் விடாத குவளை ஊதாவாகவே நிற்கும். அப்பச்சோடாவைக் கரைத்து விட்டால் நீலம். சவர்க்கார நீருக்கு நீலப்பச்சை. சலவைச் சோடாவுக்குப் பச்சை. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்து, அந்தத் தெளிவை விட்டால் பச்சை தோன்றி, சற்று நேரத்தில் மஞ்சளாகும். சுண்ணாம்பைப் பெரியவர்களே கையாள வேண்டும். அது கண்ணில் பட்டால் தேசிக்காய்ச் சாற்றைக் கொண்டு முறிக்க எண்ணுவது பெருந்தீங்கு; ஓடும் தூயநீரில் இருபது நிமிடமேனும் விடாது கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இந்த வரிசையில் சிவப்பு அமிலத்தையும், நீலமும் பச்சையும் காரத்தையும் குறிக்கின்றன. பாடசாலையில் பயன்படும் பாசிச்சாயத்தாள் சிவப்பு, நீலம் என்ற இரண்டே சொற்களைப் பேசும். கோவாச் சாறோ ஆறேழு சொற்கள் பேசும். வலிய காரம் எது, மெலிய காரம் எது என்று பிரித்துக் காட்டுவதே அதன் சிறப்பு.

இப்படிப் பூஞ்சாயத்தைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் சோதித்தல் புதிய வழக்கமன்று. றொபேட் பொயில் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர் 1664ஆம் ஆண்டில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலற் பூவின் பாகு அமிலத்தால் சிவப்பதையும் காரத்தால் பச்சையாவதையும் விரிவாகக் கூறியிருக்கின்றார். ஆனால் ஏன் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அதற்கு விடைதேடியோருள் முதன்மையானவர் ஜெர்மனியரான றிச்சாட் வில்ஸ்டாற்றர். சிவந்த ரோசாவின் சாயமும் நீலநிற வயற்பூ ஒன்றின் சாயமும் அடிப்படையில் ஒன்றே என அவர் காட்டியபோது உலகம் வியந்தது. தாவரங்களின் நிறப்பொருள்களை ஆராய்ந்தமைக்காக 1915இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சாயவகைக்கு அந்தோசயனின் என்று பெயர். ஊதாக் கோவாவின் இலையிலும் அக்குடும்பத்துச் சாயமே இருக்கின்றது.

அச்சாயத்தின் ஒரு மூலக்கூற்றை மனக்கண்ணால் பாருங்கள். அதன் நடுவே வளையங்கள் மூன்று இணைந்திருக்கின்றன. விளிம்பில் ஐதரசன் அணுக்கள் சில தொங்குகின்றன. அமிலம் என்பது நீரில் ஐதரசன் அயன்களைத் தாராளமாக விடும் பொருள். காரம் அவற்றைப் பறிக்கும் பொருள். அமிலம் மிகுந்த நீரில் சாயத்தின் ஐதரசனைப் பறிப்பாரில்லை. அந்நிலையில் அது வெள்ளொளியிலுள்ள பச்சைப் பகுதியை விழுங்குகின்றது. எஞ்சி வருவது நம் கண்ணுக்குச் சிவப்பு. அமிலம் குறையக் குறைய ஓர் ஐதரசன் அயன் கழன்றுவிடுகின்றது. உடனே மூலக்கூற்றின் உள்ளே எலெத்திரன்கள் பரவியிருக்கும் முறை மாறி, விழுங்கும் ஒளியும் மாறுகின்றது, சாறு ஊதாவாகின்றது. இன்னும் ஒன்று கழன்றால் செம்மஞ்சள் ஒளி விழுங்கப்பட்டு நீலம் தோன்றும். இதுவரை நிகழ்ந்தது கொடுக்கல் வாங்கல் போன்றது. அமிலத்தை மீண்டும் சேர்த்தால் கழன்ற ஐதரசன் வந்து ஒட்டிக்கொள்ளும், நிறமும் திரும்பும்.

வலிய காரத்தில் நிகழ்வது வேறு. அங்கே நடு வளையமே பிளந்து, மஞ்சள் நிறமுடைய வேறொரு பொருளாகிவிடுகின்றது. நாம் காணும் பச்சை, பிளவாத நீலமும் பிளந்த மஞ்சளும் கலந்து தோற்றும் நிறம். சுண்ணாம்புத் தெளிவில் நெடுநேரம் நின்று மஞ்சளான சாற்றில் எவ்வளவு தேசிக்காய் பிழிந்தாலும் பழைய செம்மை முழுவதும் வாராது. இதையும் செய்து பார்க்கலாம்.

ஒரு நுட்பத்தை மட்டும் கூறி மேலே செல்வோம். செவ்வரத்தைப் பூவிலும் இவ்வகைச் சாயமே உள்ளது. ஆயினும் அமிலம் குறைந்துவரும் நடுநிலையில் நீரே அச்சாயத்தின் வளையத்தைத் தாக்கி, அதை வெளிறச் செய்துவிடும். கோவாவின் சாயத்திலோ நீண்ட பக்கக் கிளைகள் இருக்கின்றன. அவை குடைபோல் வளையத்தின்மேல் மடிந்து நீரைத் தள்ளி நிறுத்துகின்றன. கோவாச் சாறு இடைப்பட்ட நிலைகளிலும் நிறம் இழவாது பேசுவது அதனால்தான். நம் கிணற்று நீர் நிற்பதும் அந்த இடைப்பட்ட நிலையிலேயே.

இனிக் கல்லடிக்கு வருவோம். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மணற்றிட்டியே அவ்வூர். அங்குள்ள கிணற்றில் ஊறுவது மாரிகாலத்தில் பெய்து மணலில் இறங்கிய மழைநீர்தான். இறங்கும் நீர் மண்ணிலிருந்து கரியமிலவாயுவை, பாடநூல் கூறும் காபனீரொட்சைட்டை, ஏற்றுக்கொள்கின்றது. மணலில் சிப்பித்துகளும் சங்குத்துகளும் கலந்திருக்கின்றன. அவை சுண்ணாம்புக்கல்லின் இனம். வாயு கலந்த நீர் அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்று என்னும் உப்பாக உடன்கொண்டு கிணற்றை அடைகின்றது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படலமாகப் படிவதும், சவர்க்காரத்தை நுரைக்கவிடாமல் செய்வதும் இதுவே.

கொழும்பு மாமி வீட்டுக் குழாயில் வருவது களனி ஆற்றிலிருந்தோ மலையடி நீர்த்தேக்கங்களிலிருந்தோ எடுத்த மேற்பரப்பு நீர். அதில் இந்தச் சுண்ணாம்பு உப்பு மிகக் குறைவு. கோவா தன் இயல்பிலேயே சிறிது புளிப்புடையது. அந்த நீரில் கோவாவின் சொற்புளிப்பே வென்று சாறு ஊதாவாக நின்றது. கல்லடி நீரிலோ புளிப்பை முறிக்கும் இருகாபனேற்று போதிய அளவு இருந்தது. அதிலும் அம்மாணவி இட்டது ஒரு கைப்பிடி கோவா. நீரோ ஒரு சட்டி. புளிப்பு எங்ஙனம் தாங்கும்?

இதற்குமேல் அவித்தல் வேறு நிகழ்ந்துவிட்டது. நீர் கொதிக்கும்போது அதிலிருந்த கரியமிலவாயு ஆவியோடு போய்விடும். அவ்வாயு நீரில் இருக்கையில் மெலிய அமிலமாக நின்று காரத்தைச் சமன்செய்துகொண்டிருந்தது. அது போனபின் காரம் ஓங்கும். ஆகவே பச்சைத் தண்ணீரில் நீலங்கலந்த ஊதா காட்டும் கிணறு, காய்ச்சியபின் தெளிந்த நீலம் காட்டும்.

இஃது உண்மையா என்பதைச் சோதிக்க வழியுண்டு. கோவாச் சாற்றை மழைநீரில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குவளைகளில் முறையே மழைநீர், இறைத்தவுடன் எடுத்த கிணற்று நீர், ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய அதே கிணற்று நீர் என அரைக் குவளை ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சாறு விட்டு, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைப் பின்னே பிடித்துப் பாருங்கள். முதலாவது ஊதா, இரண்டாவது நீலத்தை நோக்கிச் சாய்ந்த ஊதா, மூன்றாவது நீலம் என ஒன்றைவிட ஒன்று நீலமேறி நிற்கும்.

இப்போது மூன்றாவது குவளையில் குளிர்பானம் உறிஞ்சும் குழல் ஒன்றை வைத்து, மெல்ல ஊதுங்கள். உறிஞ்ச வேண்டா, ஊதினாற் போதும். நம் மூச்சில் நூற்றுக்கு நான்கு பங்களவு கரியமிலவாயு உண்டு. ஓரிரு நிமிடம் குமிழி விட்டதும் நீலம் தளர்ந்து ஊதா திரும்புவதைக் காண்பீர்கள். கொதிநீர் துரத்தியதை நம் மூச்சு திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்த நீரை மறுபடியும் காய்ச்சினால் நீலம் மறுபடியும் வரும். கடலுப்புத்தான் நீலத்துக்குக் காரணமாயின், வெறும் மூச்சுக்கு அது அஞ்சி ஓடுமா?

உப்பைப் பற்றி நேராகவே கேட்டுவிடலாம். மழைநீரும் கோவாச் சாறும் கலந்த குவளையில் ஒரு தேக்கரண்டி கறியுப்பைக் கரையுங்கள். நாவில் வைக்க முடியாத கைப்பாகிவிடும். நிறமோ குறிப்பிடும்படி மாறாது. கறியுப்பு அமிலமும் அன்று, காரமும் அன்று. அது ஐதரசன் அயனைக் கொடுப்பதுமில்லை, பறிப்பதுமில்லை. ஆதலால் சாற்றுக்கு அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாவி நீரிலும் கடல் நீரிலும் சாறு நீலமாகும் என்பது மெய்தான்; அங்கும் நிறத்தைத் தருவது உப்பன்று, உடன் கரைந்திருக்கும் இருகாபனேற்றே.

அயல்வீட்டாரின் அச்சத்தைச் சிரித்துத் தள்ளவும் கூடாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளில் ஏறியபோது உயிர்களும் வீடுகளும் போனதோடு கிணறுகளும் கடல்நீரால் நிரம்பின. அம்மணற்றிட்டியில் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. மேலிருந்து கடல் ஊற்றியதால் அப்படை குலைந்தது. கிணற்றைச் சுத்தமாக்க எண்ணி இயந்திரங்களால் நெடுநேரம் இறைத்த இடங்களில், அடியிலிருந்த உவர் மேலேறித் தீமை கூடியதுமுண்டு. மணலைக் கழுவி நன்னீரை மீட்டது பெரும்பாலும் பின்னர் பெய்த மாரி மழையே. அந்நாளில் உவரை அளந்தவர்கள் நிறச்சாற்றைக் கொண்டு அளக்கவில்லை. நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகின்றது என்று பார்க்கும் சிறு கருவியைக் கொண்டே அளந்தார்கள். உப்பு மிகுந்தால் மின்கடத்தலும் மிகும்.

ஆகவே கல்லடி அம்மம்மாவுக்கு நாம் அனுப்பும் விடை இரண்டு பகுதியுடையது. நீலம் கண்டு நீரை வெறுக்க வேண்டியதில்லை; அது சிப்பிமணலின் கையெழுத்து. உண்மையில், அதிகம் நீலம் காட்டிய காய்ச்சிய நீரே குடிப்பதற்கு மேலானது. கொதியில் கிருமிகள் மடிந்துவிட்டன. மற்றப் பகுதி இது: ஊதா கண்டு நீரை நம்பிவிடவும் கூடாது. உவர், நோய்க்கிருமி, மலக்குழியிலிருந்து கசியும் நைத்திரேற்று ஆகிய எவற்றையும் கோவாச் சாறு காட்டிக்கொடாது. நீர் வழக்கத்துக்கு மாறாகக் கரித்தாலோ, அண்மையில் வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்திருந்தாலோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறி நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே வழி. கிணற்றுக்கு வெளிற்றும் தூள் போட்டிருந்தால் சாற்றின் நிறமே வெளுத்துப்போகலாம். அது குளோரின் செய்யும் வேலை. அமில காரக் கணக்கில் சேராது.

ஒரே கோவா இரு நிறம் காட்டிய விந்தையைக் கண்டது கல்லடி மட்டுமன்று. ஜெர்மனி நாட்டின் வடபகுதியார் இதனைச் சிவப்புக் கோவா என்னும் பொருள்படவும், தென்பகுதியார் நீலக் கீரை என்னும் பொருள்படவும் அழைக்கின்றனர். வினாகிரியோ புளித்த அப்பிளோ சேர்த்துச் சமைத்தால் சிவக்கும். புளிப்பின்றிச் சமைத்தால் நீலமாகும். நம் அடுக்களையிலும் இக்கோவாவை வறை செய்யும்போது நீலம் பாய்ந்து உண்ணத் தயக்கம் தந்தால், இறக்கும் முன் தேசிக்காய் சிறிது பிழிந்துவிடுக.

ஊதாக் கோவா மலைநாட்டிலிருந்து வரும் மரக்கறி. மட்டக்களப்புச் சந்தையில் எந்நாளும் கிடைப்பதன்று. வேலியோரத்தில் படரும் நீலக் காக்கணம்பூவைக் கொதிநீரில் ஊறவைத்தாலும் நிறம் மாறும் சாறு கிடைக்கும். தேசிக்காய்க்கு அது செவ்வூதாவாகும். சவர்க்காரத்துக்கும் சுண்ணாம்புக்கும் பச்சை காட்டும். ஆயினும் மழைநீரிலும் நீலம், கிணற்று நீரிலும் நீலம் என்று இரண்டிற்கும் ஒரே முகம் காட்டும். நாம் மேலே செய்த கிணற்றுச் சோதனைக்கு அதனால் பயனில்லை.

கோவாச் சாறு கிடைத்தபோதே சேமித்துக்கொள்ளுங்கள். வெளியில் வைத்தால் இரண்டு நாளில் நாற்றமெடுக்கும்; புளித்துத் தானே சிவந்தும்விடும். அப்படிச் சிவந்த சாற்றைக் கொண்டு செய்யும் சோதனை எதுவும் செல்லாது. குளிர்ப்பெட்டியில் நாலைந்து நாள் இருக்கும். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தாளில் தோய்த்து நிழலில் உலர்த்தி நறுக்கியும் வைக்கலாம். அதற்குக் கோப்பி வடிகட்டும் தாளையோ ஆய்வுகூட வடிதாளையோ எடுங்கள். அப்பியாசப் புத்தகத் தாள் பலவற்றில் வெண்மைக்காகச் சோக்குத்தூள் சேர்த்திருப்பார்கள். சாறு பட்டவுடனே அது நீலமாகிவிடும். அதுவும் சுண்ணாம்புக்கல்லின் இனந்தானே!